ரொம்ப நாளா இருக்கு

அந்தக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு பேர் உண்டு. சட்டையில் குத்தியிருக்கும் அட்டையிலும் அது இருக்கிறது. ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் யாரும் அந்த அட்டையைப் படித்ததாகத் தெரியவில்லை. படிக்க வந்த பிள்ளைகளுக்கும், வேலைக்கு வந்தவர்களுக்கும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த மனைவிமார்களுக்கும் அவள் க்ளெய்ம் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

கல்லூரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே உள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி மையம் இருக்கிறது. டோக்கன் எடுக்க ஒரு இயந்திரம், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடித் தடுப்பு போட்ட மூன்று கவுன்டர்கள். நடுக் கவுன்டர் அவளுடையது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விசாவோடு சேர்த்து வாங்கியே ஆகவேண்டிய மருத்துவ பாலிசியைத்தான் இந்தக் கம்பெனி விற்கிறது. வாங்கும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. உடம்புக்கு வந்த பிறகு ஓடி வருவார்கள். அவர்களிடம் மெல்லிய குரலில், முகம் சுளிக்காமல், இல்லை என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மேலாளர் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் விஷயம் அதுதான்.

பல் வலியோடு வருவார்கள். பல் இதில் கிடையாது. கண்ணாடி மாற்ற வருவார்கள். அதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த முழு பில்லைத் தொலைத்துவிட்டு, கார்டு தேய்த்தபோது கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டுவார்கள். அதில் தொகை இருக்கும், என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. அதை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் சரியாகத் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துத்தான் எடுப்பார்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர்கள், பழைய பாலிசி முடிந்து புதிது தொடங்கும்வரை இடைவெளி விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியால், அதுவரை கழித்த காத்திருப்புக் காலம் தண்ணீரில் போகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே நம் ஆட்களுக்கென்றே ஒரு தப்பு உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு வருகிறோம் அல்லவா, ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சில சமயம் பில்லும் அந்தப் பெயரில் மட்டுமே வரும். பாலிசியில் மகன், பில்லில் அப்பா. "அக்கா, எங்கப்பா ஊர்ல நல்லாத்தான் இருக்காரு, அவருக்கு எப்படி இங்க அப்பென்டிக்ஸ் எடுத்தாங்க?" என்று ஒருத்தன் கேட்டான். அன்றைக்கு மட்டும் அவள் கவுன்டரில் சிரித்தாள்.

அவளுக்கே இந்தப் பாடம் பட்டுத்தான் வந்தது. புருஷன் படிக்க வந்தபோது கூட வந்தவள். வந்த சில மாதத்தில் பிள்ளை உண்டானது. பிரசவத்துக்கு ஒரு வருஷக் காத்திருப்பு உண்டு என்பது ஆஸ்பத்திரியில் பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. பிரசவச் செலவு முழுக்க அவர்கள் தலையில். புருஷன் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு வண்டி ஓட்டப் போனான், இன்றுவரை ஓட்டுகிறான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் இந்த வேலைக்கு மனுப் போட்டாள். அந்தக் கோபத்தில்தான் போட்டாள். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது இருப்பது சலிப்பு. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூடத் தாங்காது.

அப்படி ஒரு சலித்த நாளில்தான் வெல்டர் வந்தான்.

முப்பதை நெருங்கும் ஆள். கையெல்லாம் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்பு. நாற்காலியில் உட்காரும்போது வலது பக்க அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாக இறங்கி உட்கார்ந்தான். பக்கத்தில் அவனுடைய தாய்மாமா நின்றார். இரும்புக் கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று அவருக்கு இருக்கிறது. தங்கை மகனை வேலை விசாவில் வரவழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, தன் பட்டறையிலேயே வேலையும் கொடுத்திருந்தார்.

பேசியது மாமாதான். "ஹெர்னியாவாம் மேடம். குடல் இறங்கியிருக்காம். ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் எழுதிட்டாரு. ஆஸ்பத்திரில இருந்து உங்க கம்பெனிக்கு அனுமதி கேட்டாங்க. நீங்க முடியாதுன்னுட்டீங்க. ஏன் முடியாது? மாசம் தவறாம கட்டறானே?"

அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். வெல்டர் பாலிசியில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சேருவதற்கு முன்பே இருந்த நோய்க்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். முன்பே இருந்ததா இல்லையா என்று முடிவு செய்வது கவுன்டர் அல்ல, கம்பெனி நியமித்த டாக்டர். சேர்ந்த தேதிக்கு முந்தைய ஆறு மாதத்தில் அறிகுறி ஏதாவது இருந்திருந்தால் போதும், நோய் இன்னதென்று அப்போது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கம்பெனி டாக்டர், ஆஸ்பத்திரி டாக்டரின் குறிப்பை வைத்துத்தான் முடிவெடுத்திருந்தார். அந்தக் குறிப்பில் ஒரு வரி: நோயாளிக்கு நீண்டகாலமாக வீக்கமும் வலியும் உள்ளது.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று வெல்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"ரொம்ப நாளா இருக்குன்னு சொன்னேங்க்கா."

"அதை இங்கிலீஷ்ல யார் சொன்னது?"

"நான்தான்," என்றார் மாமா. "லாங் டைம்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

அவள் பெருமூச்சு விட்டாள். ரொம்ப நாள் என்பதற்குத் தமிழில் அளவே கிடையாது. ரெண்டு வாரம் போன் பண்ணாதவனையும் ரொம்ப நாளாச்சு என்கிறோம், பத்து வருஷம் பார்க்காதவனையும் ரொம்ப நாளாச்சு என்கிறோம். அது ஒரு ஆங்கிலக் குறிப்பில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்காகிவிடும். இதற்கு முன்னும் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. சொந்தக்காரரைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க விடாதீர்கள், ஆஸ்பத்திரியிலேயே காசில்லாமல் போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். யார் கேட்கிறார்கள்? கூட வந்த சொந்தக்காரருக்குத்தான் தன் இங்கிலீஷைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைப்பதில்லையே.

"மறுபரிசீலனை கேட்கலாம்," என்றாள். "அதே டாக்டரைப் போய்ப் பாருங்க. மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. எப்ப ஆரம்பிச்சுது, எப்படி ஆரம்பிச்சுது, இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா, எல்லாத்தையும் தெளிவா சொல்லுங்க. அவர் புதுசா எழுதிக் கொடுத்தா எங்க டாக்டர் மறுபடி பார்ப்பாரு. நடுவுல வீக்கம் கல்லு மாதிரி கெட்டியாகி உள்ள போகலைன்னாலோ, வாந்தி வந்தாலோ, வலி பொறுக்க முடியலைன்னாலோ, காத்திருப்புக் காலம் அது இதுன்னு யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. நம்ம பாலிசியில அவசர வைத்தியத்துக்குக் காத்திருப்பு கிடையாது."

வெல்டர் தலையாட்டினான். மாமாவைப் பார்த்தான். மாமா சுவரில் ஒட்டியிருந்த சிரிக்கும் குடும்பத்தின் படத்தைப் பார்த்தார்.

"தெளிவா சொன்னா கிடைச்சிடுமா?" என்று மாமா கேட்டார்.

"என்ன சொன்னா கிடைக்கும்னு நான் சொல்லக் கூடாது சார். நடந்ததைச் சொன்னா போதும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வாடா என்று மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் வெல்டர் தனியாக வந்தான். டோக்கன் எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். சாப்பாட்டு இடைவேளை வந்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் அவன் ஒரு ஓரமும் அவள் ஒரு ஓரமுமாக உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு," என்றான். "நான் என்னக்கா சொல்லட்டும்?"

"நேத்தே சொன்னேனே தம்பி. நடந்ததை."

"நடந்தது வேற."

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று இருந்தாள்.

பட்டறையில் கனமான கேட்டைத் தூக்க ஒரு செயின் பிளாக் உண்டு. உத்தரத்திலிருந்து தொங்கும் சங்கிலி, இழுத்தால் இரும்பு மேலே போகும். அது பழுதாகிக் கிடந்தது. மாமா ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். போன மாதம் ஒரு பெரிய வீட்டுக் கேட்டை அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தது. நாலு பேர் பிடிக்க வேண்டியதை மாமாவும் அவனும் பிடித்தார்கள். தூக்கும்போதே அடிவயிற்றில் ஏதோ சுருக்கென்று விட்டுப்போனது. ராத்திரி குளிக்கும்போது தடவிப் பார்த்தால் ஒரு வீக்கம். அதற்கு முன்னால் அவனுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. ஊரில் இல்லை, வந்த பிறகும் இல்லை.

"அப்புறம் ஏன் ரொம்ப நாளான்னு சொன்னீங்க?"

"மாமாதான் கார்ல போகும்போதே சொன்னாரு. எப்ப வந்துச்சுன்னு கேட்டா தேதியெல்லாம் சொல்லாத, ரொம்ப நாளா இருக்குன்னு மட்டும் சொல்லு, பட்டறைப் பேச்சே வரக் கூடாதுன்னாரு. பட்டறைன்னு சொன்னா ஆளுங்க செக் பண்ண வருவாங்களாம். செயின் பிளாக்கைப் பார்த்தா பூட்டிட்டுப் போயிடுவாங்களாம். அவருக்கு அது ஒண்ணுதாங்க்கா சோறு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மொழிபெயர்ப்பில் வழுக்கிய வார்த்தை என்று நினைத்து ராத்திரி முழுக்க மனசுக்குள் அவன் பக்கம் வாதாடிக்கொண்டிருந்தாள். வார்த்தை வழுக்கவேயில்லை. யோசித்து, பட்டறையை மறைக்க இழுத்துவிட்ட திரை அது. அந்தத் திரைதான் அவன் ஆபரேஷனையும் மூடிவிட்டது. மாமாவும் மருமகனும் சேர்ந்து நல்ல புத்திசாலித்தனமாக ஒரு காரியம் பண்ணியிருக்கிறார்கள்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்கக்கா," என்றான் அவன். "போன மாசம் வீட்ல தண்ணி கேன் தூக்கும்போது வந்துச்சுன்னு சொல்லிடறேன். புதுசாவும் ஆச்சு, பட்டறையும் வரல. உங்க கம்பெனி கொடுத்துடும்ல?"

கொடுத்துவிடும். அவளுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் அப்படி எழுதினால் கம்பெனி டாக்டருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. யாரும் வீட்டுக்கு வந்து கேனை எடை போடப் போவதில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடலாம். மதியம் வேறு பத்து முகம் காத்திருக்கிறது. அவளுக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது, சொல்லிவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்களே தம்பி," என்றாள். "இனிமே நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. பொய்ன்னு தெரிஞ்சா பாலிசியை ரத்து பண்ணுவாங்க, கொடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்க. உங்க விசாவே இந்த பாலிசியில தொங்குது."

"அப்ப பட்டறைன்னு சொன்னா நீங்க கொடுப்பீங்களா?"

"மாட்டோம்."

அவன் அவளையே பார்த்தான். அவள் மெதுவாக, கவுன்டரில் பேசும் குரல் இல்லாமல், சொன்னாள். வேலையிடத்தில் பட்ட காயத்துக்கு இந்த பாலிசி பணம் தராது. வேறொரு இன்சூரன்ஸ் தர வேண்டியதை இது தொடாது. ஆனால் ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொருவரும் வேலையில் படும் காயத்துக்கென்று தனியாக ஓர் இன்சூரன்ஸ் கட்டியே ஆக வேண்டும். இதை அந்த இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும்.

"மாமா கட்டறாரா?"

"வருஷாவருஷம் கட்டறாரு. கட்டிட்டு ஒரு வாரம் பொலம்புவாரு."

"அப்ப அதுல காத்திருப்புக் காலம் கிடையாது. ஏழு மாசமா எட்டு மாசமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. வேலையில நடந்துச்சான்னுதான் பார்ப்பாங்க. ஆபரேஷன் செலவு மட்டும் இல்ல, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல ஒரு பங்கும் வரும். எங்க பாலிசி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும், வீட்ல படுத்திருக்கிறவனுக்கு ஒரு காசு கொடுக்காது. ஆபரேஷன் முடிஞ்சு வாரக்கணக்குல நீங்க இரும்பு தூக்கக் கூடாது. அதுவரைக்கும் எதைச் சாப்பிடுவீங்க?"

 ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பிப் போனது.

"ஆனா இத்தனை நாள் சொல்லாம விட்டதுக்குக் கேள்வி வரும்," என்றாள். "காயம் பட்ட உடனே முதலாளிகிட்ட சொல்லணும், எழுதி வைக்கணும். டாக்டர் குறிப்புல நீண்டகாலம்னு வேற இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு அவங்களும் இழுப்பாங்க. சுலபமா முடியும்னு நான் சொல்ல மாட்டேன். நாள் தள்ளத் தள்ள இன்னும் மோசம்."

"மாமா கூடத்தாங்க்கா தங்கியிருக்கேன்," என்றான் அவன். "எங்கம்மாவுக்கு ஒரே அண்ணன்."

அவள் எழுந்தாள். டப்பாவைத் திறக்காமலேயே உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் டாக்டரிடம் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் கவுன்டரில் உட்கார்ந்து ஒரு மாணவிக்கு, கருத்தடை மாத்திரைக்குப் பாலிசி எவ்வளவு கொடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் இரண்டு முறை தொகையைத் தப்பாகச் சொன்னாள். சாயங்காலம் மூடும் நேரத்தில் கம்ப்யூட்டரில் வெல்டரின் கோப்பு புதுப்பிக்கப்பட்டிருந்தது. டாக்டரின் புதிய குறிப்பு: மொழிபெயர்ப்பாளர் மூலம் மறுபடி விசாரித்ததில், போன மாதம் பணியிடத்தில் கனமான இரும்புக் கேட்டைத் தூக்கியபோது தொடங்கியது, அதற்கு முன் அறிகுறி ஏதும் இல்லை.

சொல்லிவிட்டான். தாய்மாமாவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு, முகம் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் போனில் தமிழில் சொல்லியிருக்கிறான்.

அடுத்த வரியில் கம்ப்யூட்டர் தானாகவே கோப்பை மூடியிருந்தது. வேறு காப்பீட்டின் பொறுப்பு, நமக்குத் தொடர்பில்லை. கொஞ்ச நேரத்தில் மேலாளரிடமிருந்து ஒரு பாராட்டு மின்னஞ்சல் வந்தது. கம்பெனிக்குச் சேராத ஒரு பெரிய செலவைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்ததற்கு நன்றி, இந்த மாதப் பட்டியலில் உங்கள் பெயர் மேலே இருக்கிறது. அவள் அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அவமானமாக இருந்தது. செய்தது சரிதான் என்று தெரிந்தும் அவமானமாக இருந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் அதே பெஞ்சில் வெல்டர் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு பெரிய பை.

"பட்டறைன்னு சொல்லிட்டேன்னதும் மாமா போடான்னுட்டாருக்கா," என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். "கார்ல ஏறவே விடல. வீட்டுக்குப் போய் பையை எடுத்துட்டு வந்துட்டேன். பையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அதனால இழுத்துக்கிட்டே வந்தேன்." பிறகு கொஞ்சம் சிரித்தான். "எங்க படுக்கறதுன்னு தெரியலக்கா. அதுக்கு ஏதாவது பாலிசி போட்டு வெச்சிருக்கீங்களா?"

அவளால் சிரிக்க முடியவில்லை. புருஷனுக்கு போன் போட்டு, வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொன்னாள். அவன் எதற்கு என்று கேட்டான். வந்தால் சொல்கிறேன் என்றாள். வந்ததும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தூக்கிப் பின்னால் வைத்தான். அந்த ஒன்றுக்காக அவளுக்கு அவன்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது. ஆனால் சொல்லத்தான் தெம்பில்லை.

வீட்டில் ஹாலும் ஒரே ஒரு படுக்கையறையும்தான். ஹாலில் பாய் விரித்து, இருப்பதிலேயே நல்ல தலையணையைக் கொடுத்தார்கள். வெல்டர் தன் அம்மாவுக்கு போன் பண்ணி, மாமா வீட்டில் சொந்தக்காரர் வந்திருப்பதால் தெரிந்த அக்கா வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. மறுபடியும் மாமாவுக்காக ஒரு பொய். இதற்கு எந்த டாக்டரிடமும் குறிப்பு எழுதி வாங்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் கவுன்டர் திறந்ததும் முதல் டோக்கனை எடுத்து வைத்திருந்தவர் மாமா.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். உள்ளே அவருடைய பட்டறைக்கான காய இன்சூரன்ஸ் பத்திரம். பல வருஷத்துப் பத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, எதையும் பிரித்ததாகத் தெரியவில்லை.

"மேடம், இது உங்க கம்பெனி இல்லன்னு தெரியும்," என்றார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. "யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. இதுல எங்க, எப்படி சொல்லணும்?"

இது அவளுடைய வேலை இல்லை. பின்னால் டோக்கன்கள் சேர்ந்துகொண்டிருந்தன, மேலாளர் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் பத்திரத்தைப் புரட்டி, கூப்பிட வேண்டிய எண்ணைக் காட்டினாள். இன்றைக்கே கூப்பிடச் சொன்னாள். எந்தத் தேதி, எந்த வேலை, யார் கூட இருந்தார்கள் என்று கேட்பார்கள், கூட இருந்தது நீங்கள்தான், சாட்சியும் நீங்கள்தான் என்றாள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், செயின் பிளாக் பழுது என்பதையும் மறைக்க வேண்டாம் என்றாள்.

"பூட்டிடுவாங்களா?"

"தெரியல சார். சரி பண்ணச் சொல்வாங்க, அபராதம் போடலாம். அடுத்த வருஷம் கட்டறது கூடலாம். மறைச்சது பின்னால தெரிஞ்சா இதைவிட மோசம். அது மட்டும் எனக்குத் தெரியும்."

மாமா தலையாட்டினார். பத்திரங்களை உறைக்குள் திணித்தார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்தார். அடுத்த டோக்கன்காரன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவன் தலைக்கு மேலே குனிந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"ராத்திரி அவன் எங்க படுத்தான்மா?"

"எங்க வீட்லதான் சார். ஹால்ல."

"கட்டில்லயா?"

"இல்ல சார். தரையில பாய் போட்டு."

அவர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தரையில வேணாம்மா," என்றார். "எந்திரிக்கும்போது அவனுக்கு வலது பக்கம் இழுக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பான். தினமும் பார்க்கிறேன்."